கல்யாணப் பத்திரிகை: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எழுதி வாங்க வேண்டியவை

சென்னை பாரிமுனையின் ஆண்டர்சன் தெருவாக இருக்கட்டும், சொந்த ஊர்க் கடைவீதியாக இருக்கட்டும், பத்திரிகைக் கடைக்குள் நுழையும் குடும்பத்தின் முன்னால் முதலில் வந்து விழுவது ஆல்பம். மயில் போட்டது, பிள்ளையார் போட்டது, பெட்டி மாதிரி திறப்பது என்று புரட்டிக்கொண்டே போனால் ஏதோ ஒன்றில் எல்லோருடைய விரலும் நிற்கும். விலை பேசி முடித்து அட்வான்ஸ் கொடுப்பார்கள். கடைக்காரர் ரசீதில் மாடல் எண், எத்தனை பத்திரிகை, மீதித் தொகை ஆகிய மூன்றை மட்டும் எழுதிக் கிழித்துக் கொடுப்பார்.

பின்னால் வரும் மனஸ்தாபம் எல்லாம் அந்த ரசீதில் எழுதாமல் விட்ட விஷயங்களில்தான். ஆல்பத்தில் கெட்டியாக இருந்த அட்டை கைக்கு வரும்போது மெலிந்திருக்கும். நானூறு போதும் என்று கேட்ட வீட்டுக்கு ஐந்நூறுக்குப் பணம் கேட்பார்கள். "ஓகே என்று நீங்கள்தானே அனுப்பினீர்கள்?" என்று கடையில் கேட்பார்கள், "இனிஷியலை மாற்றச் சொல்லியிருந்தோமே?" என்று வீட்டில் கேட்பார்கள். காகிதம், எண்ணிக்கை, புரூஃப், திருத்தம் என்ற நான்கையும் அட்வான்ஸுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட்டால் இதில் பெரும்பகுதி வராது. இந்த அத்தியாயம் அந்த நான்கையும் ஒரே ஒரு ஆர்டரின் வழியாகப் பார்க்கிறது.

மாதிரிக்கு ஒரு தை மாதக் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளலாம். பெண் வீடு மதுரை, மாப்பிள்ளை வீடு விருதுநகர். ஆல்பத்தில் இருப்பது எதுவும் பிடிக்காமல், குலதெய்வக் கோயில் கோபுரத்தை வரைந்து, மணமக்கள் பெயரைத் தங்க ஃபாயிலில் போட்டுத் தனியாக வடிவமைக்க நினைக்கிறார்கள். இரு வீட்டுக்கும் ஒரே மாதிரி அட்டை, உள்ளே வாசகம் மட்டும் வேறு.

எந்த முறையில் அச்சடிக்கிறார்கள்?

காகிதத்தைத் தொட்டுப் பார்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. அந்த நான்கு நிபந்தனைகளும் இதற்கான பதிலைப் பொறுத்தே அமையும்.

ஆல்பத்தில் இருக்கும் பெரும்பாலானவை ரெடிமேட் அட்டைகள். அலங்காரம் முன்கூட்டியே அச்சாகி, உள்பக்கம் வெறுமையாக வந்திருக்கும். கடைக்காரர் வாசகத்தை மட்டும் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலோ சின்ன ஆஃப்செட் இயந்திரத்திலோ அடித்துக் கொடுப்பார். இதில் நூறு பத்திரிகைக்குக்கூட ஆர்டர் எடுப்பார்கள். இரண்டாவது, டிஜிட்டல் பிரிண்ட். இதற்குப் பிளேட் கிடையாது. கணினியிலிருந்து நேராக அச்சாகும். ஐம்பது அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் ஒன்றின் விலை அதிகம் மாறாது. மூன்றாவது ஆஃப்செட். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பிளேட் போட்டு, இயந்திரத்தில் ஏற்றி, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை தாள்களை ஓடவிட்டுக் கழிப்பார்கள். தங்க ஃபாயிலுக்கும் எம்பாஸிங்குக்கும் தனியே உலோக பிளாக் செய்தாக வேண்டும். மாதிரி வீட்டின் விருப்பம் இந்த மூன்றாவது வகை.

கடை எதுவானாலும் அச்சடிப்பது அந்தக் கடையே என்று நினைக்க வேண்டாம். பல கடைகள் ஆர்டரை வாங்கி சிவகாசிக்கு அனுப்புகின்றன. சிவகாசி அச்சகங்களில் ஆடிப்பெருக்கையொட்டிப் புது ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்குப் பிறகு ஆண்டுக் கடைசி வரை காலண்டர், டைரி வேலை நெருக்கும். தை முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் அச்சுக்குப் போவதும் அதே கார்த்திகை, மார்கழியில்தான். அதனால் "எங்கே அடிக்கிறீர்கள், புரூஃப் ஓகே ஆன பிறகு எத்தனை நாள்?" என்ற கேள்வியைத் தை கல்யாணக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

காகிதம்: "கெட்டி" என்று எழுதினால் போதாது

ஆர்டர் சீட்டில் "கெட்டி அட்டை" என்று எழுதியிருந்தால் அதை வைத்து எதையும் கேட்க முடியாது. எழுத வேண்டியவை இரண்டு: காகிதத்தின் வகை, அதன் ஜிஎஸ்எம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம். பத்திரிகை அட்டைகள் பெரும்பாலும் 250 முதல் 350 வரை இருக்கும். உள்ளே வைக்கும் தாளுக்கு 100 முதல் 130 போதும்.

வகையில் நான்கைத் தெரிந்துகொண்டால் கடையில் பேச முடியும். ஆர்ட் கார்டு வழவழப்பானது. புகைப்படமும் அடர்ந்த நிறங்களும் இதில் பளிச்சென்று விழும். பூச்சு இல்லாத, லேசாகச் சொரசொரக்கும் டெக்ஸ்சர் அட்டையில் நிறம் கொஞ்சம் அடங்கித் தெரியும். ஆனால் கையில் பிடிக்கும்போது கனம் தெரியும். மெட்டாலிக் அட்டையில் முத்துப் பளபளப்பு உண்டு. அதன்மேல் மெல்லிய எழுத்து அடித்தால் வெளிச்சம் படும் கோணத்தில் எழுத்து மறையும். கைக்காகிதம் பார்வைக்கு அழகு. ஆனால் தாளுக்குத் தாள் தடிமனும் நிறமும் சற்றே மாறும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

ஒரே ஜிஎஸ்எம் என்றால் ஒரே தடிமன் என்று பொருளில்லை. ஆர்ட் கார்டு அழுத்தி வழவழப்பாக்கப்பட்டது என்பதால் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, 300 ஜிஎஸ்எம் டெக்ஸ்சர் அட்டையைவிட மெல்லியதாகத் தோன்றும். ஆல்பத்தில் தொட்டது டெக்ஸ்சர், அச்சாகி வந்தது ஆர்ட் கார்டு என்றால், எண் சரியாக இருந்தும் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று வீட்டில் பேச்சு எழும்.

நம் வீட்டுப் பத்திரிகைக்கென்று சில சோதனைகள் உண்டு. கடையில் ஒரு வெற்று மாதிரியைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து பார்க்கலாம். முதலாவது மஞ்சள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுக்கும் வீடுகளில் லேமினேஷன் செய்த அட்டை ஒத்துழைக்காது. மஞ்சள் ஒட்டாமல் வழியும், பக்கத்து அட்டையில் ஈஷிக்கொள்ளும். இரண்டாவது பேனா. உறையின் மேல் பெயர் எழுதித்தான் கொடுக்கப் போகிறார்கள். மெட்டாலிக் உறையில் ஜெல் பேனா மை நெடுநேரம் காயாது, கைபட்டால் இழுபடும். உறையை மட்டும் சாதாரணத் தாளில் கேட்கலாம், அல்லது பெயர் எழுத ஒரு வெள்ளைக் கட்டம் விடச் சொல்லலாம். மூன்றாவது மடிப்பு. அட்டையை மடித்து நகத்தால் அழுத்தினால் மடிப்பில் வெள்ளை இழை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடர்ந்த சிவப்பு, பச்சை, நீலம் முழுப் பரப்பில் அடித்த அட்டையில் இது கண்ணை உறுத்தும். மடிக்கும் இடத்தில் முதலில் கோடு அழுத்தி, அதாவது கிரீசிங் செய்து, காகிதத்தின் நார் ஓடும் திசையிலேயே மடிப்பு விழும்படி தாளை வெட்டினால் இந்த வெடிப்பு குறையும். "கிரீசிங் உண்டு" என்பதையும் சீட்டில் எழுதிவிடலாம்.

வந்த அட்டை சொன்ன ஜிஎஸ்எம் தானா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. மாதிரி வீட்டின் அட்டையை விரித்தால் 18 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம், பரப்பு 450 சதுர செ.மீ. ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர செ.மீ. உண்டு. ஆக 300 ஜிஎஸ்எம் என்றால் ஒரு அட்டை 13.5 கிராம், பத்து அட்டை 135 கிராம். அதுவே 250 ஜிஎஸ்எம் ஆக இருந்தால் பத்து அட்டை 112 கிராம் சொச்சம்தான் வரும். சமையலறை டிஜிட்டல் தராசிலேயே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். மையும் லேமினேஷனும் கொஞ்சம் எடை கூட்டும். காகித ஆலையிலிருந்து வரும்போதே சில சதவீதம் ஏறி இறங்குவதும் இயல்பு. அதனால் இரண்டு மூன்று கிராமுக்குச் சண்டை போட வேண்டியதில்லை. இருபது கிராம் குறைந்தால் கேட்கலாம்.

எண்ணிக்கை: தலைகளை அல்ல, வீடுகளை எண்ண வேண்டும்

பெண் வீட்டுப் பட்டியலில் 540 பெயர்கள் இருக்கின்றன. வீடுவாரியாகச் சேர்த்துப் பார்த்தால் 310 வருகிறது. ஆனால் ஒரே கூரையின் கீழ் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனி உலை வைத்தால் இரண்டு பத்திரிகைதான் மரியாதை. ஒன்றோடு நிறுத்தினால் அது வருஷக்கணக்கில் பேசப்படும். அப்படி ஒரு 20. குலதெய்வத்துக்கு, ஊர்க் கோயிலுக்கு, அலுவலகப் பலகைக்கு, கடைசி நேரத்தில் நினைவுக்கு வருபவர்களுக்கு என்று இன்னொரு 20. மொத்தம் 350. மாப்பிள்ளை வீட்டுக் கணக்கு இதே முறையில் 215, 15, 20 என்று 250 ஆகிறது. ஆக 600.

இப்போது கடைக்காரர் சொல்லும் குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு வரலாம். தனி வடிவமைப்பில் ஆஃப்செட் என்றால் 500-க்குக் கீழே எடுக்க மாட்டோம் என்பார்கள். சில இடங்களில் 1,000. இதில் அடாவடி எதுவும் இல்லை. வடிவமைப்பு, பிளேட், ஃபாயில் பிளாக், இயந்திரம் தயாராகும் நேரம், கழியும் தாள் ஆகியவை ஒரு பத்திரிகை அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒரே செலவுதான். புரிவதற்காக அந்த நிலைச் செலவை ரூ.6,000 என்றும், அதற்கு மேல் ஒரு பத்திரிகைக்குக் காகிதம், அச்சு, மடிப்புக் கூலி ரூ.14 என்றும் வைத்துக்கொள்ளலாம். 300 அடித்தால் ஒன்று ரூ.34. 600 அடித்தால் ரூ.24. 1,000 அடித்தால் ரூ.20. நிஜ விலை காகிதத்தையும் ஊரையும் பொறுத்து மாறும். கணக்கின் போக்கு மாறாது.

இந்தக் கணக்கில் குடும்பங்கள் வழுக்கும் இடங்கள் இரண்டு.

முதலாவது, "குறையும்போது இன்னும் ஐம்பது அடித்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பு. ஒரே ஓட்டத்தில் ஐம்பதைச் சேர்த்து அடித்திருந்தால் கூடுதல் செலவு ரூ.700. இயந்திரத்திலிருந்து பிளேட்டை இறக்கிய பிறகு அதே ஐம்பதுக்கு மறுபடி பிளேட், மறுபடி தயாரிப்பு. பிளாக் பத்திரமாக இருந்தால் அந்தத் தொகை மட்டும் கழியும், இல்லையென்றால் ரூ.6,700 வரை போகும், அதாவது ஒன்று ரூ.134. அப்படி ஒரு நிலை வந்தால் அந்த ஐம்பதை டிஜிட்டலில் அடித்துக்கொள்வதே மலிவு. ஃபாயில் பளபளப்பு மட்டும் இருக்காது.

இரண்டாவது, குறைந்தபட்ச எண்ணிக்கை மொத்தத்துக்கா, ஒவ்வொரு வாசகத்துக்குமா என்று கேட்காமல் விடுவது. மாதிரி வீட்டில் மொத்தம் 600 இருக்கிறது. ஆனால் பெண் வீட்டு வாசகம் வேறு, மாப்பிள்ளை வீட்டு வாசகம் வேறு. இரண்டையும் தனித்தனி அட்டையாக அடித்தால் அச்சகத்துக்கு அவை 350, 250 என்று இரண்டு வேலைகள். மேலே சொன்ன கணக்குப்படி ரூ.10,900-உம் ரூ.9,500-உம் சேர்ந்து ரூ.20,400.

இதற்கு அனுபவப்பட்ட டிசைனர்கள் சொல்லும் வழி எளிமையானது. கோபுரப் படமும் மணமக்கள் பெயரும் உள்ள மேல் அட்டையை இரு வீட்டுக்கும் பொதுவாக 600 அடிப்பது. வாசகத்தை ஒற்றை நிறத்தில் தனி உள்தாளாக 350-உம் 250-உம் அடித்து உள்ளே ஒட்டுவது. மேல் அட்டை ரூ.14,400. உள்தாளுக்கு ஒவ்வொரு வாசகத்துக்கும் நிலைச் செலவு ரூ.800, தாளுக்கு ரூ.2 என்று வைத்தால் மொத்தம் ரூ.2,800. சேர்த்து ரூ.17,200. மூவாயிரத்துச் சொச்சம் மிச்சமாவது ஒரு பக்கம். மாறக்கூடிய விஷயம் எல்லாம் மலிவான தாளுக்குப் போய்விடுகிறது என்பதுதான் பெரிய லாபம். திருத்தம் பற்றிப் பேசும்போது இது கைகொடுக்கும்.

புரூஃப்: வாட்ஸ்அப்பில் வரும் படத்தை மட்டும் நம்ப வேண்டாம்

புரூஃப் மூன்று படிகளில் வர வேண்டும். முதலில் வாசகம் மட்டும், எந்த அலங்காரமும் இல்லாமல். அடுத்து வடிவமைப்போடு சேர்ந்த முழுப் பக்கம், பிடிஎஃப் ஆக. கடைசியில், முடிந்தால், தேர்ந்தெடுத்த அதே காகிதத்தில் அச்சடித்த ஒரு பிரதி. பல கடைகள் இரண்டாவதை மட்டும், அதுவும் வாட்ஸ்அப் படமாக அனுப்பிவிட்டு ஓகே கேட்கும். அந்தப் படம் அனுப்பும்போதே சுருங்கியிருக்கும். ஒற்றெழுத்தின் புள்ளி விழுந்திருந்தாலும் தெரியாது. தங்க ஃபாயில் திரையில் மங்கிய மஞ்சளாகத்தான் வரும். போனில் ஒளிரும் அரக்குச் சிவப்பு காகிதத்தில் ஒரு படி இறங்கித்தான் தெரியும். நிறத்தைப் பற்றி உறுதி வேண்டுமானால் காகிதப் பிரதி ஒன்றுதான் வழி. அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிடலாம்.

தமிழ்ப் பத்திரிகைக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. வீட்டிலிருந்து போனில் தட்டி அனுப்பும் வாசகம் யூனிகோடில் இருக்கும். பல அச்சகங்கள் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை செய்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரியும், "ஸ்ரீ" உடையும், "ஔ" இரண்டெழுத்தாகும். இவையெல்லாம் கண்ணில் படும் பிழைகள். படாத பிழை ஒன்று உண்டு. ஆங்கில இனிஷியலுக்கு எழுத்துருவை மாற்ற மறந்தால், பாமினியில் ஆங்கிலப் பெரிய எழுத்துக் "கே" இருந்த இடத்தில் "மு" என்று விழும். "எம்" இருந்த இடத்தில் "ஆ" விழும். கே. செல்வம் என்பவர் மு. செல்வம் ஆகிவிடுவார். பார்ப்பவருக்கு அது பிழையாகவே தோன்றாது. அதுவும் முறையான இனிஷியல்தானே!

ஆகவே சரிபார்ப்பது என்பது படித்து ரசிப்பது அல்ல. பிடிஎஃப்பை ஏ4 தாளில் அச்செடுத்து, ஒருவர் சத்தமாக எழுத்து எழுத்தாக வாசிக்க, இன்னொருவர் மூல ஆவணத்தைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். முகூர்த்தத்துக்கு மூலம் ஜோசியர் எழுதிக் கொடுத்த லக்னப் பத்திரிகை. மண்டபத்துக்கு மூலம் முன்பதிவு ரசீது. ஒரே மண்டபத்தில் மேல்மாடி, கீழ்மாடி என்று இரண்டு ஹால் இருந்தால் எது என்பதும் அதில்தான் இருக்கும். மணமக்கள் பெயருக்கு மூலம் ஆதாரோ பள்ளிச் சான்றிதழோ. திருமணப் பதிவின்போது சான்றாகப் பத்திரிகையையும் கேட்பது வழக்கம் என்பதால், பெயரின் எழுத்துகள் ஆவணத்தோடு பொருந்துவது பின்னாளில் அலைச்சலைக் குறைக்கும்.

தேதி வரிக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். அதில் தமிழ் வருஷம், தமிழ் மாதம், தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். 2026-இல் தை முதல் நாள் ஜனவரி 15, வியாழன். அதிலிருந்து எண்ணினால் தை 15 ஜனவரி 29, அதுவும் வியாழன். புரூஃபில் வெள்ளி என்று இருந்தால் தேதி தப்பா, கிழமை தப்பா என்று உடனே பிடித்துவிடலாம். வருஷத்தின் பெயர் பெரும்பாலும் உறவினர் வீட்டுப் பழைய பத்திரிகையைப் பார்த்து எழுதுவதால் மாட்டிக்கொள்ளும். அந்தத் தை மாதம் விசுவாவசு வருஷம். சித்திரை பிறந்துவிட்டால் பராபவ. போன வருஷம் அக்கா கல்யாணத்துக்கு அடித்ததை அப்படியே டிசைனரிடம் கொடுத்தால் வருஷம் மட்டும் பழையதாகவே நின்றுவிடும். அதிகாலை 4.30-க்கு மேல் 6 மணிக்குள் முகூர்த்தம் என்றால் இன்னொரு குழப்பம். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் மாறும். ஆங்கிலத் தேதி நள்ளிரவிலேயே மாறிவிடும். "புதன் இரவு விடிந்தால் வியாழன்" என்று பேச்சில் சொல்வதை ஜோசியரிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் எழுத வேண்டும். முந்தைய நாள் மாலை வரவேற்பு இருந்தால் அதன் தேதியும் கிழமையும் தனியாகச் சரிபார்க்க வேண்டியவை.

மண்டப வழிக்கு கியூஆர் கட்டம் போடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அதைத் திரையில் அல்ல, அச்செடுத்த தாளில், இரண்டு வெவ்வேறு போன்களால் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். ஃபாயிலில் அடித்த கட்டத்தையும், மெட்டாலிக் பின்னணியில் அடித்ததையும் போன் படிக்கத் திணறும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு மை, சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம், இரண்டு செ.மீ.க்குக் குறையாத அளவு என்பது பாதுகாப்பு. தொலைபேசி எண்களைப் புரூஃபைப் பார்த்தே டயல் செய்து விடலாம். சரிபார்க்க அதைவிட நிச்சயமான வழி இல்லை.

யார் ஓகே சொல்வது என்பதிலும் தெளிவு வேண்டும். பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர். இருவர் எண்ணும் சீட்டில் இருக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டிசைனரையும் சேர்த்துவிட்டு, சித்தப்பா கட்டைவிரல் தூக்க, மாமா "சூப்பர்" என்று போட, அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு பிளேட் போட்ட கதைகள் உண்டு. ஓகே சொல்லும் செய்தி "மூன்றாம் புரூஃப், டிசம்பர் 5 மாலை 6 மணிக்கு வந்த பிடிஎஃப், இரு பக்கமும் சரி, அச்சடிக்கலாம்" என்று முழுதாக இருக்க வேண்டும். எந்தப் பிரதிக்கு ஓகே என்பதுதான் பின்னால் எழும் கேள்வி.

திருத்தம்: எத்தனை முறை, எந்தக் கட்டம் வரை

"இரண்டு கரெக்‌ஷன் ஃப்ரீ" என்று கடையில் சொன்னால் வீட்டில் இரண்டு எழுத்துப் பிழை என்று புரிந்துகொள்வார்கள். கடைக்காரர் சொல்வது இரண்டு சுற்று. ஒரு சுற்றில் இருபது மாற்றம் இருந்தாலும் மொத்தமாகக் கொடுத்தால் அது ஒரு திருத்தம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி பத்து மணிக்கு "தம்பி, இன்னும் ஒரே ஒரு சின்ன கரெக்‌ஷன்" என்று ஒன்று அனுப்பினால் அந்த இரண்டு சுற்றும் அன்றே தீர்ந்துவிடும். அதனால் சீட்டில் "இரண்டு சுற்று" என்று எழுதுவதோடு, மூன்றாவது சுற்றிலிருந்து எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். அச்சகத்தின் தட்டச்சுப் பிழையைத் திருத்துவது இந்தக் கணக்கில் சேராது என்பதை வாயால் சொன்னால் போதாது, அதுவும் சீட்டில் வர வேண்டும். கோபுரத்தை எடுத்துவிட்டு மயிலைப் போடச் சொல்வது திருத்தம் ஆகாது. அது புது வடிவமைப்பு. தனிக் கட்டணம் கேட்பார்கள்.

சுற்றுகளைத் தின்பது எழுத்துப் பிழை அல்ல, உறவுப் பட்டியல். தாய்மாமன் பெயர் எந்த வரியில், பெரியப்பா பெயருக்கு முன்னால் யார், காலமான தாத்தாவின் பெயரை எப்படிப் போடுவது, நல்வரவை விரும்பும் வரிசையில் மருமகன்கள் வயதுப்படியா கல்யாணம் ஆன வரிசைப்படியா... இவற்றை டிசைனரின் கணினி முன் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. இரு வீட்டுப் பெரியவர்களும் ஒரு தாளில் பட்டியலைக் கையால் எழுதி, கீழே ஒப்புக்கொண்ட பிறகே வாசகம் டிடிபிக்குப் போக வேண்டும். மாதிரி வீட்டில் இதற்கு மூன்று நாள் போனாலும், அந்த மூன்று நாளுக்குக் கடையில் கட்டணம் கிடையாது.

ஓகே கொடுத்த பிறகு வரும் மாற்றத்தின் விலை, வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பிளேட் போடுவதற்கு முன் என்றால் டிசைனரின் நேரம் மட்டும். பிளேட் போட்ட பின் என்றால் பிளேட் செலவு. ஃபாயில் பிளாக் செய்த பின் மணமகன் பெயரில் ஓர் இனிஷியல் கூட்டினால் புது பிளாக். அச்சே முடிந்துவிட்டால் காகிதமும் போயிற்று. ஆகவே "பிளேட் எப்போது போடுவீர்கள்?" என்று நேரடியாகக் கேட்டு, அந்த நாளையும் மணியையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய இரவு வரைக்கும்தான் திருத்தம் மலிவு.

மாதிரி வீட்டில் ஓகே கொடுத்து இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டார் வரவேற்பு நேரத்தை மாலை 6.30-லிருந்து 6.00 ஆக மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசகம் மேல் அட்டையிலேயே இருந்திருந்தால் நான்கு நிறப் பிளேட்டில் ஒன்றாவது மாறும். அச்சாகியிருந்தால் 600 அட்டையும் வீண். வாசகம் உள்தாளில் இருப்பதால், அது அச்சாகியிருந்தாலும் ஒட்டாத வரை இரண்டு உள்தாளையும் மறுபடி அடிக்க ஆவது அதே ரூ.2,800. மேல் அட்டையைத் தொடவே வேண்டாம். பெயரும் படமும் தவிர எதுவும் மேல் அட்டைக்கு வரக்கூடாது என்று டிசைனரிடம் முதலிலேயே சொல்வது இதற்காகத்தான்.

சீட்டில் இருக்க வேண்டிய வரிகள்

எல்லாவற்றையும் சேர்த்தால் மாதிரி வீட்டின் ஆர்டர் சீட்டு இப்படி இருக்கும்:

- மேல் அட்டை: டெக்ஸ்சர், 300 ஜிஎஸ்எம், விரித்த அளவு 18 × 25 செ.மீ., நான்கு நிறம், பெயர்கள் தங்க ஃபாயில், கிரீசிங் உண்டு, லேமினேஷன் இல்லை.
- உள்தாள்: 120 ஜிஎஸ்எம், ஒற்றை நிறம், இரண்டு வாசகம், மேல் அட்டையில் ஒட்டித் தரப்படும்.
- உறை: பூச்சில்லாத தாள், பேனாவால் எழுதக்கூடியது, 625 எண்ணம்.
- எண்ணிக்கை: மேல் அட்டை 600, உள்தாள் பெண் வீடு 350, மாப்பிள்ளை வீடு 250. குறைந்தபட்ச எண்ணிக்கை மேல் அட்டைக்கு மட்டும் 500.
- புரூஃப்: வாசகம், முழுப் பக்க பிடிஎஃப், அதே காகிதத்தில் ஒரு பிரதி.
- திருத்தம்: இரண்டு சுற்று இலவசம், அடுத்த ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டணம் ரூ.____, அச்சகப் பிழை கணக்கில் சேராது.
- ஒப்புதல்: இரு வீட்டிலும் ஒருவர், பெயரும் எண்ணும்.
- பிளேட் போடும் நாள், கையில் கொடுக்கும் நாள்.
- ஜிஎஸ்டி உள்பட மொத்தத் தொகை, அட்வான்ஸ், ஆர்டர் ரத்தானால் எவ்வளவு திரும்பும்.

உறையை 25 கூட்டிக் கேட்பதற்குக் காரணம், பெயர் எழுதும்போது கெடுவது உறைதான். சில கடைகள் இதை விலையில்லாமலே சேர்த்துக் கொடுக்கும்.

கட்டைப் பிரிக்கும்போது

பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். ஒரு கட்டில் ஐம்பதா நூறா என்று கேட்டு, ஒரு கட்டையாவது எண்ணிப் பார்த்துவிட்டு மீதிக் கட்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்கலாம். ஒவ்வொரு கட்டிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும். அச்சு ஓட ஓட நிறம் சற்று மாறும், ஃபாயில் சில இடங்களில் ஒட்டாமல் விடும், உள்தாள் தலைகீழாக ஒட்டியிருக்கும். அடுத்த தாளின் பின்பக்கம் மை ஈரமாக ஒட்டியிருந்தால் காயும் முன் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பெண் வீட்டுக் கட்டில் மாப்பிள்ளை வீட்டு உள்தாள் கலந்திருக்கிறதா என்பதும் இந்த நேரத்தில் பார்க்க வேண்டியது. மீதிப் பணம் இதற்குப் பிறகு.

பிழை கண்ணில் பட்டால், ஒப்புதல் கொடுத்த பிடிஎஃப்பைத் திறந்து பக்கத்தில் வைக்க வேண்டும். புரூஃபில் சரியாக இருந்து அச்சில் தப்பாக வந்திருந்தால் அச்சகம்தான் மறுபடி அடித்துக் கொடுக்க வேண்டும். புரூஃபிலேயே இருந்த பிழை என்றால் செலவு வீட்டாருடையது. எதை மறுபடி அடிப்பது என்பதை மட்டும் யோசிக்கலாம். தேதி, நேரம், மண்டபம், மணமக்கள் பெயர் ஆகியவற்றில் பிழை என்றால் உள்தாளோ அட்டையோ மறுஅச்சுதான். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் என்றால் அதே காகிதத்தில் சின்ன ஒட்டுச் சீட்டு போதும். விட்டுப்போன பெயர் நெருங்கிய உறவினருடையது என்றால், பாதிக்கப்பட்ட வீட்டு உள்தாளை மட்டும் டிஜிட்டலில் அடித்து மாற்றலாம். 250 தாளுக்கு அது ஒரே நாள் வேலை. ஆனால் ஒட்டிய உள்தாளைப் பிரித்தால் அட்டை கிழியும் என்பதால், ஒட்டும் முன்பே ஒரு தாளைக் கடையில் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லி வைப்பது நல்லது.